சோடியத்தின் மஞ்சள் கோடு எவ்வளவு அகலம்?

கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் நியூட்டன் வளையங்களைப் பார்க்க ஒரு சோடியம் விளக்கை ஏற்றுவார்கள். முதலில் இளஞ்சிவப்பாக ஒளிரும். குழாய் சூடேறிச் சோடியம் ஆவியான பிறகு அழுத்தமான மஞ்சளுக்கு மாறும். அந்த வெளிச்சத்தில் சிவப்புத் துணியும் பச்சைத் துணியும் நிறமிழந்து, கருத்தோ பழுத்தோ தெரியும். நெடுஞ்சாலைகளில் நெடுங்காலம் எரிந்து, இப்போது எல்இடிக்கு இடம் விட்டுவரும் தெருவிளக்குகளும் சோடியம் விளக்குகள்தான். ஆனால் அவற்றின் ஒளி பொன்னிறமானது. அதில் வண்டியின் நிறத்தை ஓரளவாவது அடையாளம் சொல்லிவிடலாம். அணு ஒன்றுதான், அது தாவும் ஆற்றல்படிகளும் ஒன்றுதான். அப்படியிருக்க ஒன்று ஒரே நிறத்தையும் மற்றொன்று பல நிறங்களையும் தருவது ஏன்?

காரணம், அந்த மஞ்சள் கோடு கோடே அல்ல என்பதுதான். நிறமாலை வரி என்று நாம் சொல்லும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அகலம் உண்டு. சோடியத்தின் மஞ்சளில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்று 589.0 நானோமீட்டரில், மற்றொன்று 589.6 நானோமீட்டரில். ஜோசஃப் ஃப்ரான்ஹோஃபர் 1814-ல் சூரிய நிறமாலையின் கரிய கோடுகளுக்கு எழுத்துகளால் பெயரிட்டபோது 'டி' என்று குறித்தது இவற்றைத்தான். இந்தக் கட்டுரையில் 589.0-ல் இருக்கும் வரியை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் அகலத்தை அளந்து பார்க்கிறேன். அகலம் என்று நான் சொல்வது, வரியின் ஒளிச்செறிவு உச்சத்தில் பாதியாகக் குறையும் இரு புள்ளிகளுக்கு இடைப்பட்ட தூரம். அதை அதிர்வெண்ணில் சொல்வது வசதி. இந்த ஒளி நொடிக்கு ஏறத்தாழ 509 லட்சம் கோடி முறை அதிர்கிறது. இனி வரும் மெகாஹெர்ட்ஸ் கணக்குகள் எல்லாம் அந்தப் பெரிய எண்ணைச் சுற்றியுள்ள சிறிய சிதறல்கள்.

தன்னந்தனியாக, அசையாமல், யாரும் தொடாமல் இருக்கும் ஒரு சோடியம் அணுவிலிருந்து தொடங்கலாம். அதன் வெளி எலக்ட்ரான் மேல்படிக்கு ஏற்றப்பட்டால் அங்கே சராசரியாக 16 நானோநொடிதான் தங்கும். பிறகு ஒளியை உமிழ்ந்து கீழே இறங்கிவிடும். அந்த 16 நானோநொடிக்குள் ஒளி சுமார் 80 லட்சம் முறை அதிர்ந்துவிடுகிறது. அணு வெளிவிடும் அலைத்தொடரின் நீளம் ஏறத்தாழ ஐந்து மீட்டர். 80 லட்சம் என்பது பெரிய எண்தான், ஆனால் முடிவுள்ள எண். முடிவுள்ள அலைத்தொடருக்குத் துல்லியமான ஒரே அதிர்வெண் இருக்க முடியாது. வீணைத் தந்தியை மீட்டி நீள ஒலிக்க விட்டால் அது எந்தச் சுரம் என்று தெளிவாகத் தெரியும். மீட்டிய உடனே விரலால் அமுக்கிவிட்டால் 'டக்' என்ற ஓசைதான் மிஞ்சும், சுரம் பிடிபடாது. ஒலி எவ்வளவு குறுகியதோ அவ்வளவுக்கு அதன் சுருதி பரந்துவிடுகிறது. ஒளிக்கும் இதே விதிதான்.

இந்தப் பரவலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மேல்படியின் ஆயுளை τ என்றால் அகலம்

Δν = 1/(2πτ)

16 நானோநொடியை இதில் இட்டால் சுமார் 10 மெகாஹெர்ட்ஸ் வரும். அலைநீளத்தில் இது ஒரு நானோமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. இதுவே இந்த வரியின் இயற்கை அகலம். வெப்பநிலையைக் குறைத்தாலோ வாயுவை வெளியேற்றினாலோ இது சுருங்காது. அணு ஒளிவிட்டே தீரும் என்பதிலிருந்து பிறந்த அகலம் இது. விக்டர் வைஸ்காஃபும் யூஜின் விக்னரும் 1930-ல் குவாண்டம் இயற்பியலின் வழியே இதை முறையாக வருவித்தார்கள்.

வரியின் வடிவத்தையும் இங்கேயே கவனித்துவிட வேண்டும், பின்னால் அது தேவைப்படும். இயற்கை அகலம் தரும் வரிக்கு நடுவில் ஒரு கூர்மையான உச்சி, இருபுறமும் நெடுந்தூரம் நீளும் சிறகுகள். மையத்திலிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் சிறகின் செறிவு நான்கில் ஒன்றாகும், பத்து மடங்கு போனால் நூறில் ஒன்றாகும். மெதுவாகத்தான் குறைகிறது, முழுதாக ஒருபோதும் மறைவதில்லை. இதற்கு லோரன்ட்ஸ் வடிவம் என்று பெயர்.

இனி அந்த அணுவை விளக்குக்குள் விடுவோம். ஆய்வக விளக்கைப் போன்ற குறைந்த அழுத்தச் சோடியம் விளக்கின் குழாய் ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. அந்த வெப்பத்தில் அணுக்கள் எல்லாத் திசைகளிலும் ஓடுகின்றன. நம் பார்வைக் கோட்டின் திசையில் மட்டும் கணக்கிட்டால் அவற்றின் வேகம் நொடிக்குச் சுமார் 440 மீட்டர் என்ற அளவில் சிதறிக் கிடக்கிறது. நம்மை நோக்கி வரும் அணுவின் ஒளி சற்றே உயர்ந்த அதிர்வெண்ணோடும், விலகிப் போகும் அணுவின் ஒளி சற்றே தாழ்ந்த அதிர்வெண்ணோடும் நம்மை வந்தடையும். இதுதான் டாப்ளர் விளைவு. நொடிக்கு 440 மீட்டர் வேகத்துக்கு இந்த வரி சுமார் 745 மெகாஹெர்ட்ஸ் நகர்கிறது. எல்லா அணுக்களின் நகர்வையும் சேர்த்து, உச்சத்தின் பாதி உயரத்தில் அளந்தால் அகலம் 1750 மெகாஹெர்ட்ஸ் ஆகிவிடும். இயற்கை அகலத்தைப் போல 175 மடங்கு.

பாடநூல்கள் இந்தக் காரணங்களைச் சம எடையோடு வரிசைப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. சாதாரண வெப்பத்தில், அழுத்தம் குறைந்த வாயுவில், கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பொறுத்தவரை டாப்ளர்தான் ஆள்கிறது. இயற்கை அகலம் அதனுள் மூழ்கிப் போகிறது. இரண்டும் சேரும்போது அகலங்கள் நேராகக் கூடுவதும் இல்லை. 1750 மெகாஹெர்ட்ஸ் டாப்ளர் அகலத்தோடு 10 மெகாஹெர்ட்ஸ் இயற்கை அகலம் சேர்ந்தால் மொத்தம் ஏறக்குறைய 1755-தான் ஆகிறது. அந்த 5 மெகாஹெர்ட்ஸை அளந்து பிரித்தெடுக்க வேண்டுமானால் விளக்கின் வெப்பநிலையை மூன்று டிகிரிக்குள் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

டாப்ளர் அகலத்தைத் தீர்மானிப்பவை இரண்டே: வெப்பநிலையும் அணுவின் எடையும். அகலம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும், எடையின் வர்க்கமூலத்தைப் பொறுத்து இறங்கும். வர்க்கமூலம் என்பதால் ஏற்றம் மெதுவானது. கெல்வினில் வெப்பநிலையை நான்கு மடங்காக்கினால் அகலம் இரண்டு மடங்குதான் ஆகும். தெருவிளக்கின் கதைக்கு இது முக்கியம்.

வடிவமும் இங்கே வேறு. டாப்ளர் வரி மணி போன்றது. நடுவில் அகன்று, ஓரங்களில் மிக வேகமாக விழுந்துவிடும். அதனால் ஒரு வியப்பு நேர்கிறது. மையத்தில் டாப்ளர் 175 மடங்கு பெரியது. ஆனால் மையத்திலிருந்து ஏறத்தாழ 3000 மெகாஹெர்ட்ஸ் தள்ளிப் போனதும் மணிவடிவம் தேய்ந்துபோய், மெலிந்த லோரன்ட்ஸ் சிறகு மேலே எழுகிறது. அந்த இடத்தில் ஒளி உச்சத்தின் மூவாயிரத்தில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும். அதற்கப்பால் போகப் போகச் சிறகு மட்டுமே மிஞ்சும். நடுவை ஆள்வது டாப்ளர், ஓரத்தை ஆள்வது லோரன்ட்ஸ். இரண்டையும் கலந்து வரும் வடிவத்தை வோல்டெமர் ஃபோக்ட் 1912-ல் கணித்துக் கொடுத்தார். இன்றும் விண்மீன் நிறமாலைகளில் வரிகளின் மேல் பொருத்திப் பார்ப்பது அவர் பெயரால் வழங்கும் வளைகோட்டைத்தான்.

இவ்வளவு மெல்லிய அகலத்தை எப்படி அளப்பது? ஆய்வகத்து ஸ்பெக்ட்ரோமீட்டரில் தெரியும் மஞ்சள் கோட்டின் தடிமனைப் பார்த்து ஏமாறக் கூடாது. அது பெரும்பாலும் நாம் திறந்து வைத்த பிளவின் பிம்பம். பிளவைக் குறுக்கினால் கோடும் மெலியும். டாப்ளர் அகலம் அலைநீளத்தில் 0.002 நானோமீட்டர். அதைப் பிரித்துக் காட்ட, அலைநீளத்தை மூன்று லட்சம் பங்காகப் பகுத்தறியும் கருவி வேண்டும். இரண்டு மஞ்சள் வரிகளைப் பிரிக்க ஆயிரம் பங்கு போதும், ஆய்வகக் கீற்றணி அந்த அளவுக்குத்தான் ஆனது.

ஆல்பர்ட் மைக்கேல்சன் 1890-களின் தொடக்கத்தில் வேறொரு வழி கண்டார். ஒளியை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு தூரம் ஓடவிட்டு, மீண்டும் சேர்த்தால் வெளிச்சமும் இருளுமான பட்டைகள் உண்டாகும். பாதைகளின் வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டே போனால் பட்டைகள் மங்கும். வரி எவ்வளவு அகலமோ அவ்வளவு சீக்கிரம் மங்கும். சோடியத்தில் இது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில், ஆடி ஒவ்வொரு 0.29 மில்லிமீட்டர் நகரும்போதும் பட்டைகள் மறைந்து மீண்டும் தெளிகின்றன. இது அகலத்தின் வேலை அல்ல. இரண்டு மஞ்சள் வரிகளின் பட்டைகளும் மாறி மாறி ஒன்றையொன்று அழிப்பதும் வலுப்படுத்துவதும்தான். பல மாணவர்கள் இதை அளந்து இரு வரிகளின் இடைவெளியைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆடியை அதற்கப்பாலும் விடாமல் நகர்த்தினால், ஒவ்வொரு முறை தெளியும்போதும் தெளிவு முன்னைவிடக் குறைந்துகொண்டே வருவதைக் காணலாம். வரியின் அகலம் பேசுவது அங்கேதான். இயற்கை அகலம் மட்டும் இருந்திருந்தால் பாதை வித்தியாசம் ஆறேழு மீட்டர் ஆன பிறகுதான் தெளிவு பாதியாகும். உண்மையில் சில சென்டிமீட்டரிலேயே அது நடந்துவிடுகிறது. ஐந்து மீட்டர் நீள அலைத்தொடர்கள், ஓடும் அணுக்களிலிருந்து வருவதால், ஒன்றோடொன்று ஒத்துப்போவது அவ்வளவு குறைந்த தூரத்துக்குத்தான்.

அளப்பவர் மறக்கக் கூடாத சிக்கல் ஒன்று உண்டு. 589.0 வரி தனி வரியும் அல்ல. சோடியம் அணுக்கருவின் சுழற்சியால் கீழ்ப்படி இரண்டாகப் பிளந்திருக்கிறது. அந்த நுண்பிளவின் இடைவெளி சுமார் 1770 மெகாஹெர்ட்ஸ், கிட்டத்தட்ட டாப்ளர் அகலமே. இதைக் கணக்கில் எடுக்காமல் அளந்த அகலம் முழுவதையும் டாப்ளர் என்று வைத்து வெப்பநிலை கணித்தால், அது உண்மையைவிட மிக அதிகமாக வந்துவிடும்.

இப்போது மோதல்களுக்கு வருவோம். ஒளிவிட்டுக்கொண்டிருக்கும் அணுவின் மேல் இன்னோர் அணு வந்து இடித்தால் அலையின் ஒழுங்கு அந்தக் கணத்தில் முறிகிறது. அணு தன் 16 நானோநொடியை முழுதாக வாழ்ந்தாலும், அலைத்தொடர் துண்டு துண்டாகிவிடுகிறது. துண்டு குறுகினால் அதிர்வெண் பரவும். இயற்கை அகலத்தில் பார்த்த அதே விதிதான், அணுவின் ஆயுளுக்குப் பதில் இங்கே இரு மோதல்களுக்கு இடைப்பட்ட நேரம். 1906-ல் ஹெண்ட்ரிக் லோரன்ட்ஸ் இந்த வழியில்தான் கணக்கிட்டார். வடிவமும் அவர் பெயர் தாங்கிய அதே சிறகுள்ள வடிவமே. அழுத்தத்தை இரட்டித்தால் மோதல்கள் இரட்டிக்கும், அகலமும் இரட்டிக்கும். வர்க்கமூலம் இல்லை, நேர் விகிதம்.

மோதல் என்றதும் அணுக்கள் ஒன்றையொன்று தொட்டாக வேண்டும் என்று நினைக்க வேண்டாம். சற்றுத் தள்ளிக் கடந்து போனாலே போதும். அருகில் வரும் அணு, ஆற்றல்படிகளைச் சிறிது நேரம் இடம்பெயர்த்துவிட்டுப் போகிறது. அதனால் பல நேரங்களில் வரி அகலமாவதோடு அதன் மையமும் சற்று நகர்ந்துவிடும். நகர்வு இருந்தால் அங்கே மோதல் இருக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. அணுக்களின் தாறுமாறான ஓட்டமோ இயற்கை ஆயுளோ மையத்தை அப்படி ஒரு பக்கமாகத் தள்ளுவதில்லை.

ஆய்வக விளக்கில் சோடியம் ஆவியின் அழுத்தம் ஒரு பாஸ்கலை எட்டாது, வளிமண்டல அழுத்தத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பற்றவைக்கும்போது இளஞ்சிவப்பாக ஒளிரும் நியான்தான் குழாயில் பெரும்பகுதி. அதுவும் வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்கு என்ற அளவில்தான் இருக்கும். அந்த நியானோடு மோதுவதால் வரும் அகலம் இயற்கை அகலத்தைப் போலச் சில மடங்கு ஆனாலும், டாப்ளரின் முன் சிறியதே. அதனால்தான் அங்கே மஞ்சள் அவ்வளவு தூய்மையாக இருக்கிறது.

தெருவிளக்கில் நிலைமை வேறு. அதன் உள்குழாய் கண்ணாடியால் ஆனதல்ல, ஒளி ஊடுருவும் அலுமினாப் பீங்கான். கொதிக்கும் சோடியம் சாதாரணக் கண்ணாடியை அரித்துவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. உள்ளே பாதரசமும் செனானும் சேர்ந்திருக்க, சோடியம் ஆவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு வரை போகிறது. ஆய்வக விளக்கைப் போலப் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். மின்வில்லின் நடுப்பகுதி சுமார் 4000 கெல்வின் சூடு.

நிறங்கள் பெருகியதற்கு இந்தச் சூடுதான் காரணமோ என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 533 கெல்வினிலிருந்து 4000 கெல்வினுக்குப் போனால் டாப்ளர் அகலம் வர்க்கமூலப்படி 2.7 மடங்குதான் ஏறும். 0.002 நானோமீட்டர் 0.006 நானோமீட்டருக்குள் நின்றுவிடும். கண்ணுக்கு அது இன்னமும் ஒரே மஞ்சள். ஆகவே டாப்ளர் காரணம் அல்ல.

மோதல் அகலம் இங்கே டாப்ளரை எளிதாக மிஞ்சிவிடுகிறது. ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று உணரும் விசை மிக நெடுந்தூரம் எட்டும். மேல்படியில் இருக்கும் சோடியம் அணு, தன் ஆற்றலைப் பக்கத்துச் சோடியம் அணுவிடம் கைமாற்றிக்கொள்ள முடியும். அதனால் நியானோ செனானோ தருவதைவிடச் சோடியமே சோடியத்துக்குத் தரும் அகலம், அதே அழுத்தத்தில், பல மடங்கு பெரியது. ஆனாலும் அந்த அகலம் ஒரு நானோமீட்டரில் நூறில் சில பங்குதான். தெருவிளக்கின் ஒளியோ பல நானோமீட்டருக்குப் பரந்து கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே நூறு மடங்குக்கும் மேல் வித்தியாசம் இருக்கிறது.

அந்த இடைவெளியை நிரப்புவது ஒளியின் சிறைவாசம். குழாய்க்குள் சோடியம் அவ்வளவு அடர்த்தியாக இருப்பதால், வரியின் மையத்தில் பிறந்த ஒளி வெளியே வரவே முடிவதில்லை. போகும் வழியில் இன்னோர் அணு அதை விழுங்குகிறது, மீண்டும் உமிழ்கிறது, அடுத்தது விழுங்குகிறது. ஆனால் மோதல்களால் தூக்கிவிடப்பட்ட நீண்ட சிறகுகளில், மையத்துக்குத் தொலைவில் பிறக்கும் ஒளியை விழுங்கும் அணுக்கள் குறைவு. அது தப்பி வெளியே வருகிறது. சுவரோரத்தில் ஆவி ஆறியிருப்பதால், தப்பப் பார்க்கும் மைய ஒளியை அது இன்னும் முழுமையாக விழுங்கிவிடுகிறது. விளைவாக, தெருவிளக்கின் நிறமாலையைப் பார்த்தால் 589 நானோமீட்டரில், மஞ்சள் கோடு இருக்க வேண்டிய அதே இடத்தில், ஓர் இருண்ட பள்ளம் தெரியும். ஒளி அதன் இரு பக்கமும் மேடுகளாக எழுந்து, பச்சை நோக்கியும் சிவப்பு நோக்கியும் பரவியிருக்கும். சூரிய நிறமாலையில் டி வரிகள் கருமையாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான்: உள்ளே சூடான ஒளி, வெளியே ஆறிய ஆவி.

இதிலிருந்து வரும் எச்சரிக்கை ஒன்றை நிறமாலை பார்ப்பவர்கள் கைவிடாமல் வைத்திருக்கிறார்கள். வரி அகலமாகத் தெரிந்தால் உடனே வெப்பம் என்றோ அழுத்தம் என்றோ முடிவு கட்டக் கூடாது. ஆவி அடர்ந்திருந்தால் மையம் ஒரு மட்டத்தோடு நின்றுவிடும், ஓரங்கள் மட்டும் வளரும். அப்போது பாதி உயரத்தில் அளந்த அகலம் உண்மையைவிடப் பெரிதாகிவிடும். சோதிக்கும் வழி எளிது: ஆவியின் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். அகலம் மாறாமல் இருந்தால் அது டாப்ளர். குறைந்துகொண்டே போனால் மோதலோ சிறைவாசமோ. பிறகு சோடியத்தை அப்படியே வைத்து நியானை மட்டும் கூட்டினால், அகலம் நேர்கோட்டில் ஏறும் பகுதிதான் மோதலின் பங்கு. அந்த நேர்கோட்டைப் பூஜ்ய அழுத்தம் வரை பின்னோக்கி நீட்டினால் மோதல் இல்லாத வரியின் அகலம் கிடைக்கும்.

அதற்கும் அடியில் புதைந்திருக்கும் 10 மெகாஹெர்ட்ஸைப் பார்க்க டாப்ளரையே விலக்க வேண்டியிருக்கிறது. 1971-ல் ஸ்டான்ஃபோர்டில் தியோடர் ஹென்ஷும் ஆர்தர் ஷாலோவும் தங்கள் குழுவோடு இதே சோடியம் வரிகளில் இதைச் செய்து காட்டினார்கள். ஒரே லேசர் ஒளியை இரண்டாக்கி, சோடியம் ஆவிக்குள் எதிரெதிர் திசைகளில் அனுப்பினார்கள். ஓடும் அணுவுக்கு ஒரு கற்றை அதிர்வெண் கூடியும் மற்றது குறைந்தும் தெரியும், எனவே இரண்டையும் அது ஒருசேர விழுங்காது. பக்கவாட்டில் மட்டும் நகரும் அணுக்களே, அதாவது கற்றையின் திசையில் வேகமே இல்லாதவையே, இரண்டுக்கும் ஒரே நேரத்தில் பதில் சொல்லும். வலுவான கற்றை அந்த அணுக்களை முன்கூட்டியே மேல்படிக்கு ஏற்றிவிட்டால், மெலிந்த கற்றை அவற்றைத் தடையின்றிக் கடந்துவிடும். அகன்ற டாப்ளர் மணியின் நடுவே குறுகிய பிளவுகளாக அது தெரிந்தது, அதுவரை மணிக்குள் மறைந்திருந்த நுண்பிளவும் தனித்தனியாகப் பிரிந்தது.

இந்த முறையிலும் லேசரின் செறிவைக் கூட்டினால் வரி மீண்டும் அகலும், ஏனென்றால் அணுவை விரைவாக மேலும் கீழும் ஏற்றி இறக்குவது அதன் தங்கும் நேரத்தைக் குறைப்பதற்குச் சமம். செறிவைக் குறைத்து, ஆவியை மெலிவாக்கி, லேசரையும் போதிய அளவு கூர்மையாக்கினால் அகலம் 10 மெகாஹெர்ட்ஸை நெருங்கும். அங்கே நின்றுவிடும். அதைவிடக் கூர்மையான வரி வேண்டுபவர்கள் சோடியத்தின் மஞ்சளை விட்டுவிட்டு, மேல்படியில் நானோநொடிக் கணக்கில் அல்லாமல் நொடிக் கணக்கில் தங்கும் அணுவைத் தேடிப் போகிறார்கள். இன்றைய ஒளியியல் கடிகாரங்களில் ஸ்ட்ரான்ஷியத்தின் 698 நானோமீட்டர் சிவப்பு வரியைப் பயன்படுத்துவது அதற்காகத்தான்.